முதலில் மூச்சு, அப்புறம் நாடி, கடைசியில் தெர்மாமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம். மாடு தீனி எடுக்கவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் காதைத் தொட்டுப் பார்ப்போம். நாயாக இருந்தால் மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்போம். வெயிலில் நின்ற மாட்டின் காது காய்ச்சல் இல்லாமலேயே சுடும். தூங்கி எழுந்த நாயின் மூக்கு நோய் இல்லாமலேயே காய்ந்திருக்கும். மூச்சு, நாடித்துடிப்பு, உடல் வெப்பம் ஆகிய மூன்றையும் எடுத்தால்தான் நிலைமை தெரியும். கைக்கடிகாரமும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தால் போதும்.

இந்த மூன்றையும் எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிராணியைத் தொடுவதற்கு முன்பே, சற்றுத் தள்ளி நின்று மூச்சை எண்ணிவிட வேண்டும். கிட்டே போய்ப் பிடித்தால் பயத்தில் மூச்சும் துடிப்பும் ஏறிவிடும். பக்கவயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

அடுத்தது நாடி. நாய், பூனை, ஆடு மூன்றுக்கும் பின்தொடையின் உட்புறத்தில் விரல் நுனிகளை மெதுவாக வைத்தால் கிடைக்கும். மாட்டுக்கு வாலைத் தூக்கி, அடிப்பக்கம் ஆசனவாயிலிருந்து நான்கு விரல்கடை கீழே நடுவில் பார்க்க வேண்டும். குதிரைக்குக் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஒரு ரத்தக் குழாய் உருளும், அதை எலும்போடு அழுத்திப் பிடியுங்கள். கட்டைவிரலை மட்டும் வைக்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிவிட வாய்ப்பு உண்டு.

கடைசியாகத் தெர்மாமீட்டர். நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாய்க்குள் செலுத்தி, சற்றுச் சாய்த்து, குடல் சுவரைத் தொடும்படி பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான். நுனி சாணத்துக்குள் புதைந்துவிட்டால் வெப்பம் குறைவாகக் காட்டும், காய்ச்சல் இருந்தும் இல்லாதது போலத் தெரியும். டிஜிட்டல் கருவி என்றால் ஒலி வரும் வரை பொறுங்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கருவியில் ஒரு நூல் கட்டி வால் முடியோடு இணைத்துவிடுவது நல்லது.

சரி, இப்போது எண்கள். எல்லாம் வளர்ந்த, ஓய்வில் இருக்கும் பிராணிக்கு. வெப்பம் பாரன்ஹீட் அளவில். பெரிய பிராணிக்கு இதயம் மெதுவாகவும் சிறியதற்கு வேகமாகவும் துடிக்கும் என்பதை மனத்தில் வைத்தால் துடிப்புக் கணக்கு எளிதில் நிற்கும். குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44, மாட்டுக்கு 50 முதல் 80, ஆட்டுக்கு 70 முதல் 90. நாய்க்கு உடல் பருமனைப் பொறுத்து 60 முதல் 140, பூனைக்கு 140 முதல் 220. கோழிக்கு 250க்கு மேல் போகும். அதை விரலால் எண்ண முடியாது, ஸ்டெதஸ்கோப் வைத்தாலும் பழக்கம் வேண்டும்.

வெப்பத்தில் குதிரைதான் குறைவு, 99 முதல் 101. நாய், பூனை, மாடு மூன்றும் ஏறத்தாழ 101 முதல் 102.5க்குள் இருக்கும். ஆடு இன்னும் ஒரு டிகிரி கூடப் போகலாம். கோழிக்கு 105 முதல் 107 வரை சாதாரணம். நமக்கு அது கடுமையான காய்ச்சல், அதற்கு அதுதான் இயல்பு.

மூச்சு குதிரைக்கு 8 முதல் 16. மற்ற ஐந்துக்கும் பொதுவாக 15 முதல் 30 என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நாயும் கோழியும் வாயைத் திறந்து இளைப்பது சூட்டை வெளியேற்றும் வழி. ஆனால் பூனை ஓய்வில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள்.

ஒரு கறவை மாட்டை வைத்துப் பார்ப்போம். மே மாதம், மதியம் இரண்டு மணி. வெட்டவெளியில் கட்டியிருக்கிறது. மூச்சு 64, நாடி 84, வெப்பம் 103.4. மூன்றுமே கூடுதல். உடனே காய்ச்சல் ஊசி போடச் சொல்லாதீர்கள். நிழலுக்கு மாற்றி, குடிக்கத் தண்ணீர் வைத்து, உடம்பிலும் ஊற்றி, காற்றுப்படும்படி கட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே வரிசையில் மறுபடி எடுங்கள். மூச்சு 32, நாடி 72, வெப்பம் 102 என்று இறங்கியிருந்தால் அது வெயிலின் சூடு. நிழலில் நின்றும் 104க்குக் குறையாமல் இருந்தால், விடியற்காலைக் குளிர்ச்சியிலும் அப்படியே இருந்தால், உள்ளே நோய் இருக்கிறது.

கன்று போட்ட ஓரிரு நாளில் மாடு எழ முடியாமல் படுத்து, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு, வெப்பம் 100க்கும் கீழே இறங்கினால் அதுவும் அவசரம்தான். பால் சுரக்கத் தொடங்கியதில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததன் அடையாளம் அது. சூடு இல்லை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். போனில் பேசும்போது எடுத்த மூன்று எண்களையும், எடுத்த நேரத்தையும், மாடு நிழலில் இருந்ததா வெயிலில் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.