டஃபன்ட் போட்டும் பால்கனிக் கதவு ஏன் வளைகிறது?

வணக்கம். இரண்டு கண்ணாடி, ஒரே அளவு, ஒரே தடிமன். ஒன்று சாதாரணம், இன்னொன்று சூடாக்கி உறுதியேற்றிய டஃபன்ட். இரண்டின் மேலும் ஒரே வேகத்தில் காற்று அடிக்கிறது. எது குறைவாக வளையும்? கமெண்டில் போட்டுவிட்டு வாருங்கள்.

போட்டாச்சா? டஃபன்ட் என்று எழுதியவர்கள் சத்தமில்லாமல் அழித்துவிடலாம். இரண்டும் ஒரே அளவுதான் வளையும்!

பின்னணி பத்து நொடியில். கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று குளிரவைத்தால் டஃபன்ட். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டினால் லேமினேட்டட். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். திடீரெனக் குளிர்ந்ததால் டஃபன்ட் கண்ணாடியின் மேல்பரப்பு எப்போதும் இறுக்கி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். விரிசல் விழ வேண்டுமென்றால் முதலில் அந்த அழுத்தத்தைத் தாண்ட வேண்டும். அதனால்தான் உடைய நாலைந்து மடங்கு விசை தேவைப்படுகிறது. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு கண்ணாடியின் இயல்பு. சூளையில் போட்டு எடுத்தாலும் அது மாறாது. அதைக் கூட்ட வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டுங்கள், அல்லது கண்ணாடியின் அகலத்தைக் குறையுங்கள்.

(திரையில்: ஒரு ஜன்னல், ஒரு பால்கனிக் கதவு)

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பலமான புயல்காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 100 கிலோ எடை வைத்ததுபோல அழுத்தும் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் பிரேமில் பிடித்த, 60-க்கு 90 செ.மீ. ஜன்னல். 5 மி.மீ. கண்ணாடி நடுவில் 1 மி.மீ.க்குச் சற்று மேல் வளையும். கண்ணுக்கே தெரியாது. அதே 5 மி.மீ.யை 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரக் கதவில் போடுங்கள். எளிய சூத்திரப்படி கிட்டத்தட்ட 12 மி.மீ.! உடையாது, டஃபன்ட் ஆயிற்றே. ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும் உள்ளே வெளியே போய்வரும். ஓரத்து ரப்பர் தளரும், சிலிக்கான் பிரியும், அப்புறம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள்.

அதே கதவில் 8 மி.மீ. போட்டால் வளைவு 3 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. தடிமன் இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகும் என்பதுதான் சூத்திரம். ஜன்னலைவிடக் கதவு இவ்வளவு வளைய முக்கியக் காரணம், 60 செ.மீ. அகலம் 1 மீட்டர் ஆனதுதான். ஆகவே அளவு சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது பரப்பளவை அல்ல, குறுகலான பக்கத்தை. நீளமான, ஒல்லியான கண்ணாடி பயமுறுத்தாது; அகலமானதுதான் தொல்லை. இந்த ஒரு வரிக்காகவாவது லைக் போடலாம், கட்டாயமில்லை.

சரி, எந்த வகை? கண்ணாடி உடைந்தபின் அந்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். டஃபன்ட் சிறுசிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். பெரிய வெட்டுக்காயம் இருக்காது, ஆனால் அங்கே ஓட்டைதான் இருக்கும். வெளியே கைப்பிடிச் சுவருடன் பால்கனி இருந்தால் பரவாயில்லை, விழுந்தாலும் பால்கனியில்தான் விழுவார்கள். கண்ணாடிக்கு அப்பால் நேராகக் கீழே பள்ளம் என்றால் லேமினேட்டட்தான். துண்டுகள் படலத்தில் ஒட்டி நிற்கும்.

இதிலும் ஒரு வேடிக்கை. "இரண்டும் டஃபன்ட், அதை லேமினேட் செய்தது" என்றால் அசைக்க முடியாதது என்று தோன்றும். ஆனால் இரண்டு அடுக்கும் உடைந்தால், எல்லாம் பொடித்துண்டு என்பதால், ஈரத் துணி போலத் தொங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியில் செய்த லேமினேட்டட் உடைந்தால் பெரிய துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓரளவு விறைப்பாக நிற்கும். மோதலைத் தாங்க முதலாவது, உடைந்தபின் நிற்க இரண்டாவது. இன்னொன்று, 5-ம் 5-ம் ஒட்டியது 10 மி.மீ. ஆகிவிடாது. வெயிலில் படலம் இளகும்போது அடுக்குகள் லேசாக வழுக்கும், விறைப்பு குறையும்.

டஃபன்ட் யாரும் தொடாமலே சில நேரம் வெடிக்கும். உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் மெதுவாக விரிவடைவதுதான் காரணம். இதுதான் காரணமா என்று அறிய, பிரேமில் துண்டுகள் மிஞ்சியிருந்தால், உடைப்பு தொடங்கிய இடத்தில் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு பெரிய துண்டுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஆபத்தை முன்னதாகவே குறைக்க, ஹீட் சோக் சோதனை, அதாவது சூட்டில் வைத்து இப்படி வெடிக்கக்கூடியதை ஆலையிலேயே வெடிக்கவிடும் சோதனை, முடிந்த கண்ணாடியாகக் கேளுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்முன், பூட்டுக்கும் கைப்பிடிக்கும் துளை எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள். டஃபன்ட் ஆனபின் வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. எடையையும் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. நம் 8 மி.மீ. கதவுக்குக் கண்ணாடி மட்டும் 40 கிலோ. அடியிலுள்ள ரோலர் அதைத் தாங்குமா என்று பிரேம் செய்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.