ஒரு வெள்ளையருக்கு 18 அடிமைகள்: கியூபாவின் வெள்ளையாக்கக் கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

ஒரு நாட்டில் யார் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை அரசாணை போட்டு மாற்ற முடியுமா? ஸ்பெயின் ஆண்ட கியூபாவில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க அதற்காகப் பணம் செலவழித்தார்கள், நிலம் கொடுத்தார்கள், கப்பல் ஏற்றினார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு 'பிளாங்கேமியென்தோ' என்று பெயர். வெள்ளையாக்குதல் என்று பொருள். கியூபாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தக் கொள்கை எங்கே உடைந்தது என்பதை அங்கே ரூபாய் அணா கணக்காகவே பார்க்க முடிகிறது.

முதலில் அவர்களைப் பிடித்த பயம் என்ன என்று பார்ப்போம். 1774இல் எடுத்த கணக்கில் தீவின் மக்கள் 1,71,620 பேர். அதில் வெள்ளையர் 96,440 பேர், பாதிக்கு மேல். 1791இல் பக்கத்துத் தீவில், பிரெஞ்சுக்காரரின் செந்தொமாங்கில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அது ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாயிற்று. உலகச் சந்தைக்குச் சர்க்கரை அனுப்பிய பெரிய தோட்டம் ஒரேயடியாக மூடிவிட்டது. அந்த இடத்தைப் பிடிக்கக் கியூபாவின் கரும்பு முதலாளிகள் பாய்ந்தார்கள். கரும்புக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஆப்பிரிக்கா. ஆக, ஹெய்ட்டியைப் பார்த்து வந்த பேராசையும் ஹெய்ட்டியைப் பார்த்து வந்த நடுக்கமும் ஒரே வீட்டில் குடியிருந்தன. இது மேம்போக்கான பேச்சில்லை. 1789இல் அடிமை வணிகத்தைத் திறந்துவிடச் சொல்லி ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதில் வாதாடி வென்ற பிரான்சிஸ்கோ தெ அராங்கோ இ பாரேன்யோவே, பிற்காலத்தில் வெள்ளையாக்கம் பற்றி எழுதியவர்களில் ஒருவர்.

1817இல் இரண்டு காகிதங்கள் ஒரு மாத இடைவெளியில் கையெழுத்தாயின. செப்டம்பர் 23 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம்: 1820 மே 30 முதல் ஸ்பெயின் அடிமை வணிகத்தை நிறுத்தும், அதற்கு ஈடாக 4 லட்சம் பவுன் வாங்கிக்கொள்ளும். அக்டோபர் 21 அன்று அரச ஆணை: கியூபாவில் வெள்ளை மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும். கருவூலத் தலைவர் அலெஹாந்த்ரோ ராமிரேஸ், ஆளுநர் ஹோசே சியென்ஃபுவேகோஸ் ஆகிய இருவரும் இதை நடத்தினார்கள். வெளிநாட்டவரும் வரலாம். கத்தோலிக்கராக இருக்க வேண்டும், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும், 5 ஆண்டு கழித்து முழுக் குடியுரிமை கேட்கலாம். இதற்கென்று 'வெள்ளை மக்கள்தொகைக் குழு' என்ற பெயரிலேயே ஒரு வாரியம் அமைந்தது. பெயரில்கூட ஒளிவுமறைவு இல்லை.

அந்த வாரியத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? தீவில் இறக்கப்படும் ஒவ்வோர் ஆண் அடிமைக்கும் 6 பேசோ வரி. வெள்ளையரைக் கொண்டுவரும் செலவை, கறுப்பரைக் கொண்டுவரும் வணிகம் கட்டியது.

இதை ஒரு குடியேற்றத்தில் வைத்துப் பார்க்கலாம். 1819 ஏப்ரல் 22 அன்று, தென்கரையில் ஹாகுவா விரிகுடாவில் பெர்னாந்தினா தெ ஹாகுவா என்ற ஊர் தொடங்கியது. தொடங்கியவர் லூயி தெ க்ளூயே, லூசியானாவிலிருந்து வந்த பிரெஞ்சு வழி அதிகாரி. போர்தோ, லூசியானா, பிலடெல்பியா பக்கங்களிலிருந்து பிரெஞ்சுக்காரர்களைச் சேர்த்தார். ஒப்பந்தப்படி வயது வந்த ஒருவரின் பயணத்துக்கு 30 பேசோ, முதல் 6 மாதச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றரை ரியால், பயிரிட ஒரு கபாயேரியா நிலம். நம் கணக்கில் ஏறத்தாழ 33 ஏக்கர். 8 ரியால் ஒரு பேசோ. 180 நாளுக்கு 630 ரியால், அதாவது 79 பேசோ. பயணத்தைச் சேர்த்தால் ஒருவருக்கு 109 பேசோ. அதை 6 பேசோ வரியால் வகுத்துப் பாருங்கள். நிலத்தை அளப்பது, மருந்து, அதிகாரிகள் சம்பளம் எதையும் சேர்க்காமலே, ஒரு வெள்ளையரைக் குடியமர்த்த 18 ஆப்பிரிக்க ஆண்கள் அடிமைகளாக இறங்கியாக வேண்டும். மக்கள்தொகையின் கலவையை மாற்றப் போட்ட திட்டம், தன் கணக்கின்படியே கலவையை எதிர்த்திசையில் தள்ளியது.

1820க்குப் பிறகு வணிகம் சட்டவிரோதமானது, ஆனால் நிற்கவில்லை. 1820க்கும் 1867க்கும் இடையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடத்திவந்து இறக்கினார்கள். கடத்தல் சரக்குக்குச் சுங்கத்தில் ரசீது போட முடியாது, ஆகவே அந்த 6 பேசோ வாரியத்துக்கு வரவில்லை. அதற்குப் பதில் தலைக்கு இவ்வளவு என்று அதிகாரிகளின் பைக்குப் போயிற்று. அடிமைகள் வந்துகொண்டே இருந்தார்கள், குடியேற்ற நிதி மட்டும் வற்றியது.

ஹாகுவாவில் என்ன ஆயிற்று? 1825இல் புயல் ஊரைத் தரைமட்டமாக்கியது. மீண்டும் கட்டினார்கள். 1829இல் ஊருக்கு ஆளுநரின் பெயரையே வைத்தார்கள். இன்றைய சியென்ஃபுவேகோஸ் நகரம் அதுதான். ஆனால் ஊர் தழைத்தது சிறு உழவர்களின் உழைப்பால் அல்ல. நல்ல துறைமுகமும் புது மண்ணும் இருக்கும் இடத்துக்குக் கரும்பு வராமல் இருக்குமா? வந்தது. 33 ஏக்கர் வைத்திருந்தவர் ஆலைக்காரரோடு போட்டி போட முடியாது; ஒன்று நிலத்தை விற்கிறார், இல்லை தானும் அடிமை வாங்குகிறார். வெள்ளைக் குடியேற்றமாகத் தொடங்கிய மாவட்டம் அடிமைகள் உழைத்த சர்க்கரை மாவட்டமாயிற்று. பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோவில் 1815 ஆகஸ்ட் 10 ஆணை இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருந்தது: வெள்ளைக் குடியேறி ஒவ்வொருவருக்கும், பனேகா என்ற ஸ்பானிய நில அளவில், நான்கே ஏழில் இரண்டு பனேகா நிலம், அவர் கொண்டுவரும் ஒவ்வோர் அடிமைக்கும் அதில் பாதி கூடுதல். சுதந்திரமான கறுப்பருக்கும் கலப்பினத்தவருக்கும் வெள்ளையர் பங்கில் பாதி. அடிமைகளோடு வந்தால் நிலம் கூடும் என்றால் எவர் வெறுங்கையோடு வருவார்?

1841 கணக்கு வெளியானபோது ஹவானா அதிர்ந்தது. மொத்தம் 10,07,624 பேர். வெள்ளையர் 4,18,291. அடிமைகள் மட்டுமே 4,36,495. சுதந்திரமான கறுப்பரையும் கலப்பினத்தவரையும் சேர்த்தால் 100க்கு 58 பேர் வெள்ளையரல்லாதவர். 24 ஆண்டு வெள்ளையாக்கத்தின் பலன் அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது வெறும் திறமைக் குறைவால் வந்த தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. ஹோசே அந்தோனியோ சாக்கோ என்ற கியூபச் சிந்தனையாளர், வெள்ளையர் பெருக வேண்டுமானால் கடத்தலை உண்மையாக நிறுத்துங்கள் என்று 1832இல் எழுதினார். அவரும் கறுப்பரைச் சமமாகக் கருதியவர் அல்ல. அவருடைய கவலையும் வெள்ளையர் நாடு பற்றியதுதான். ஆனாலும் 1834இல் ஆளுநர் தக்கோன் அவரை நாடு கடத்தினார். ஏனென்றால், கியூபா ஸ்பெயினோடு இருக்கும், இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவாகிவிடும் என்ற பயமுறுத்தல் மத்ரீதுக்குத் தேவைப்பட்டது. உள்ளூர் வெள்ளையர் தங்கள் அடிமைகளைக் கண்டு நடுங்கும்வரை சுதந்திரம் கேட்க மாட்டார்கள். வெள்ளையாக்கம் முழுதாக வென்றுவிட்டால் அந்தப் பிடி நழுவிவிடும்.

அடுத்த சிக்கல் உடம்பு. கருவாந்தி என்று ஸ்பானியர் அழைத்த மஞ்சள் காய்ச்சல் ஹவானாவில் நிரந்தரமாக இருந்தது. சிறு வயதில் லேசாக வந்து தப்பியவருக்கு மறுபடி வராது. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கும் வயதுவந்தவருக்கு வந்தால் எமன். மழைக்காலம் மே மாதம் தொடங்கும், கொசுவும் அப்போதுதான் பெருகும். கொசுதான் காரணம் என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சொன்னது 1881இல். அதுவரை குடியேற்ற அதிகாரிகளுக்குப் 'பழகிக்கொள்ளும் காலம்' என்ற ஒரு சொல்தான் கையில் இருந்தது.

1854இல் அதன் விலை தெரிந்தது. ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவில் பஞ்சம். கியூபாவில் தோட்டம் வைத்திருந்த கலீசியர், ஸ்பானிய நாடாளுமன்ற உறுப்பினர் உர்பானோ ஃபெய்ஹோ சொத்தோமாயோர், ஒரு கம்பெனி தொடங்கித் தன் ஊர்க்காரர்கள் 1,744 பேரைக் கப்பலேற்றினார். 5 ஆண்டு ஒப்பந்தம், மாதம் 5 பேசோ. ஊரில் பசியோடு இருந்தவனுக்கு அது பணமாகத் தெரிந்தது. ஹவானாவில் இறங்கிய பிறகுதான், அங்கே சுதந்திரமாக வேலை செய்கிறவன் அதைப்போலப் பல மடங்கு வாங்குகிறான் என்று தெரிந்தது. ஒப்பந்தத்தை விட்டுப் போக முடியாது. மார்ச்சில் முதல் கப்பல் வந்தது, பின்னால் வந்தவர்கள் மழைக்காலத்தின் வாயிலேயே விழுந்தார்கள். அடிமைகளைப் போல நெருக்கி அடைத்தார்கள், எதிர்த்தவர்களை அடித்தார்கள். ஏறத்தாழ 500 பேர் செத்தார்கள். ஊருக்குப் போன கடிதங்கள் நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்ப, 1855இல் ஒப்பந்தங்கள் ரத்தாயின. வெள்ளையரைப் பெருக்குவோம் என்று சொன்ன தோட்டக்காரர் உண்மையில் கேட்டது குடும்பத்தை அல்ல, மலிவான கைகளை என்பது இதில் பளிச்சென்று தெரியும். பெண்ணும் பிள்ளையும் வந்து வீடு கட்டினால்தான் மக்கள்தொகை மாறும். கரும்பு வயலுக்கோ ஆண்கள் போதும்.

அதனால்தான், கலீசியருக்கு முன்பே, 1847 ஜூன் 3 அன்று ஓகேந்தோ என்ற கப்பலில் முதல் சீனர்கள் ஹவானாவில் இறங்கினார்கள். 8 ஆண்டு ஒப்பந்தம், மாதம் 4 பேசோ. ஸ்பானிய மொழியில் அவர்களை 'குலி' என்றும் அழைத்தார்கள். நம் கூலியின் உறவுச் சொல். 1874 வரை ஒன்றேகால் லட்சம் பேர் அளவில் வந்தார்கள். இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதிகாரிகள் வெள்ளையர் கட்டத்தில் எழுதினார்கள். 1861 கணக்கில் 34,000க்கு மேற்பட்ட சீனர்கள் அப்படித்தான் ஏறினார்கள். அவர்களில் பெண்கள் 57 பேர். வயலில் சாட்டையடி வாங்கினாலும் மொத்தக் கூட்டலில் வெள்ளையர். கப்பல் செய்யாததைப் பேனா செய்தது.

எதுதான் கலவையை மாற்றியது? 1867இல் கடைசி அடிமைக் கப்பல்களும் நின்றன. புதிதாக ஆப்பிரிக்கர் வரவில்லை. தோட்டங்களில் ஆண்களே மிகுதி, சாவு மிகுதி, பிறப்பு குறைவு என்பதால் அடிமைகளின் எண்ணிக்கை சுருங்கியது. நீராவிக் கப்பலில் கட்டணம் குறைந்ததும், வாரியமும் ஒப்பந்தமும் இல்லாமல், ஸ்பானியரும் கேனரித் தீவினரும் தாங்களாகவே வந்தார்கள். கியூபாவின் சுதந்திரப் போரை அடக்க வந்த ஸ்பானியச் சிப்பாய்களிலும் பலர் தங்கிவிட்டார்கள். 1886இல் அடிமைமுறை ஒழிந்தது. அமெரிக்கர் எடுத்த 1899 கணக்கில் 15,72,797 பேரில் வெள்ளையர் மூன்றில் இரண்டு பங்கு.

அந்த 'வெள்ளையர்' என்ற கட்டத்துக்குள் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு பதிவைக் காட்டுகிறேன். ஹவானா தேவாலயங்களில் வெள்ளையருக்கு ஒரு ஞானஸ்நானப் பதிவேடு, மற்றவருக்கு வேறொன்று. 1809 ஏப்ரலில் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் ஒரு சிசுவை விட்டுப்போனார்கள். அம்மா ஸ்பானிய நடனக்காரி, அப்பா கலப்பின நாவிதர். பதிவேடு எழுதியவருக்கு அது தெரியாது. குழந்தையைப் பார்த்தார், 'பார்வைக்கு வெள்ளையர்' என்று எழுதினார். அந்தக் குழந்தைதான் பிளாசிதோ என்ற பெயரில் கவிஞரான காப்ரியேல் தெ லா கொன்செப்சியோன் வால்தேஸ். 1844இல் அடிமைக் கிளர்ச்சிக்குச் சதி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான கறுப்பரையும் கலப்பினத்தவரையும் பிடித்து ஏணிகளில் கட்டி அடித்தபோது, கலப்பினத்தவரின் தலைவர் என்று சொல்லி ஜூன் 28 அன்று மத்தான்சாஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.