நிமிஷக் கணக்கா, நாள் கணக்கா? எடிட்டிங்குக்கு விலை சொல்லும் முன்

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருப்பதால் எனக்கு இரண்டு பக்கமும் வேலை வரும். அங்கே கல்யாண ஸ்டுடியோக்கள், இங்கே கயிறு ஆலைக்காரர்கள், தோப்புக்காரர்கள். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரு நிமிஷ வீடியோவுக்கு எவ்வளவு வாங்குவீங்க?" கமெண்ட்டிலும் இதைத்தான் நிறைய பேர் கேட்கிறீர்கள். இன்றைக்கு இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கயிறு ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்தில் ஆலையைக் காட்டும் ஒரு வீடியோ வேண்டும். நிமிஷத்துக்கு 600 ரூபாய் என்று பேசியாகிவிட்டது. மொத்தம் 6,000. ஹார்டு டிஸ்க் வருகிறது. திறந்து பார்த்தால் இரண்டு கேமரா, கொஞ்சம் ட்ரோன், முதலாளியின் மகன் போனில் எடுத்த கிளிப்புகள், தனியாக ரெக்கார்டரில் பதிந்த ஆடியோ. எல்லாம் சேர்த்து நான்கு மணி நேர ஃபுட்டேஜ்.

இனி வேலையை மணிக்கணக்கில் பாருங்கள். காப்பி எடுத்து, ப்ராக்ஸி போட்டு, ஆடியோவை சிங்க் செய்ய 3 மணி நேரம். போன் கிளிப்புகள் இருந்தால் இதை ஒருபோதும் குறைத்துப் போடாதீர்கள். நிறைய போன்களில் ஃபிரேம் ரேட் ஒரே சீராக நிற்காது. அந்த கிளிப்பை நேரே டைம்லைனில் போட்டால் தொடக்கத்தில் உதட்டசைவும் குரலும் ஒத்துப்போகும், ஐந்து நிமிஷம் தள்ளி விலகிவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் வெட்ட வேண்டும். அப்புறம், நான்கு மணி நேர ஃபுட்டேஜைப் பார்த்துத் தேவையானதைப் பொறுக்க 6 மணி நேரம். ரஃப் கட் 6, ஃபைன் கட் 4, சவுண்டும் மியூசிக்கும் 3, கலர் 2. ஆக மொத்தம் 24 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலையில் மூன்று நாள்.

உங்கள் ஒரு நாள் கூலி 2,400 என்றால் இந்த வேலையின் விலை 7,200. நீங்கள் பேசியது 6,000. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஃபைன் கட்டைப் பார்த்துவிட்டு முதலாளி, "நல்லா இருக்கு, ஆனா ஆறு நிமிஷமா சுருக்கிக் கொடுங்க" என்கிறார். சுருக்குவதற்கு இன்னும் 4 மணி நேரம் ஆகும், ஏனென்றால் பேச்சை வெட்டினால் மியூசிக்கும் மாறும், ஷாட் வரிசையும் மாறும். வேலை 28 மணி நேரம் ஆகிவிட்டது, கூலியோ ஆறு நிமிஷத்துக்கு 3,600. மணிக்கு 130 ரூபாய்கூட வரவில்லை.

ஃபைனல் நிமிஷக் கணக்கின் அடிப்படைக் கோளாறு இதுதான். நம்முடைய நேரத்தைத் தின்பது உள்ளே வரும் ஃபுட்டேஜ். வெளியே போகும் நீளத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கல்யாணத்தில் மூன்று நிமிஷ ஹைலைட்டுக்கும் நாள் முழுக்க எடுத்த அத்தனையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதற்காக நிமிஷக் கணக்கே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாரா வாரம் வரும் பேட்டி நிகழ்ச்சிக்கு அதுதான் நல்லது. அதே அறை, அதே இரண்டு கேமரா, 40 நிமிஷம் ரெக்கார்டிங், 30 நிமிஷம் ஃபைனல். நிமிஷத்துக்கு 80 ரூபாய் போட்டால் 2,400. முதலில் ஒரு எபிசோடுக்கு எட்டு மணி நேரம் ஆகும். டைட்டில், கலர், ஆடியோ செட்டிங் எல்லாம் சேமித்து வைத்து, பேசுபவரின் பழக்கமும் பிடிபட்ட பிறகு ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். கூலி அதே 2,400. இதையே நாள் கணக்கில் பேசியிருந்தால் வேகம் கூடியதற்காக உங்கள் காசு குறைந்து 1,500 ஆகியிருக்கும்.

ஆகவே நான் செய்வது இதுதான். ஃபுட்டேஜ் அளவு ஒவ்வொரு தடவையும் ஒன்றே என்றால் நிமிஷக் கணக்கு, அதோடு "ரெக்கார்டிங் 45 நிமிஷத்தைத் தாண்டினால் கூடுதல்" என்று ஒரு வரி. மற்ற எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு. நாள் கணக்கு என்றதும் கஸ்டமருக்குப் பயம் வரும், அது நியாயமான பயம். இழுத்தடித்தால் என்ன செய்வது என்று நினைப்பார். அதனால் மொத்த நேரம், கேமரா எண்ணிக்கை, ஆடியோ தனியா என்று கேட்டுக்கொண்டு, "மூன்று நாள், அதிகபட்சம் நான்கு. நான்கைத் தொடும்போல இருந்தால் இரண்டாம் நாளே சொல்லிவிடுவேன்" என்று எழுத்தில் கொடுப்பேன். டிஸ்க்கைப் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

சரி, கரெக்ஷனுக்கு வருவோம். "இரண்டு கரெக்ஷன் இலவசம்" என்று மட்டும் எழுதினால் சண்டைதான் வரும். ராத்திரி ஒன்பதுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், காலையில் மச்சானிடமிருந்து இன்னொன்று. இது ஒரு கரெக்ஷனா, ஐந்தா? நான் இப்படி எழுதுகிறேன்: ஒரு சுற்று என்றால் ஒரே ஆள் அனுப்பும் ஒரே பட்டியல், ஒவ்வொரு வரியிலும் நிமிஷமும் செகண்டும் இருக்க வேண்டும். பார்க்க அனுப்பும் காப்பியில் டைம்கோடு தெரியும்படி போட்டுவிடுங்கள். "2:14-இல் மெஷின் ஷாட் வேண்டாம்" என்று எழுத அவர்களுக்கும் சுலபம். அந்த காப்பியை லிங்க்காகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் அது அமுக்கிவிடும், கலர் மங்கல் என்று இல்லாத குறைக்கு ஒரு சுற்று போய்விடும்.

முதல் சுற்று ரஃப் கட்டில். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும், எவ்வளவு நீளம் என்பதை அங்கேயே முடிக்க வேண்டும். கயிறு ஆலைக்காரர் ஆறு நிமிஷம் என்று இந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருக்கும். இரண்டாம் சுற்று ஃபைன் கட்டில்: எழுத்து, சவுண்டு அளவு, ஒன்றிரண்டு ஷாட் மாற்றம். எந்த மியூசிக் என்பதற்கு, வெட்டத் தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தாளத்துக்கு வெட்டிய பிறகு பாட்டை மாற்றினால் அது கரெக்ஷன் கிடையாது, மறுபடி எடிட். அதற்கும் மூன்றாம் சுற்றுக்கும் மணிக்கு 300 என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். என் பக்கத்துத் தப்பு, அதாவது எழுத்துப்பிழையோ சிங்க் விலகலோ எதுவானாலும், எந்தச் சுற்றிலும் சேராது, காசும் கிடையாது. இந்த வரி இருந்தால்தான் மற்ற வரிகளைக் கஸ்டமர் நம்பி ஒத்துக்கொள்கிறார்.

கல்யாணத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் தனித்தனியாகப் பட்டியல் அனுப்பும். யார் பேசி முடிப்பது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லை தாண்டி வேலை செய்கிறவர்கள் கேட்டது. கேரளாவில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக் கஸ்டமருக்கு பில் போட்டால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமா என்று. சேவைத் தொழிலுக்கு, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை வேறு மாநிலத்துக்குச் செய்தாலும் கட்டாயம் இல்லை. 2017 அக்டோபரிலேயே அந்த விலக்கு வந்துவிட்டது. பதிவு இல்லாதபோது பில்லில் வரி மட்டும் சேர்க்காதீர்கள்.

நான் அனுப்பும் விலைக் கடிதத்தின் வாசகத்தை அப்படியே கீழே டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன். எண்களை மட்டும் உங்கள் ஊர் கூலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.