டம்பி லெவல்: கணக்கு சரி, அளவு தப்பு

[காட்சி: கல்லூரி வாசலிலிருந்து விடுதி வரை போகும் நடைபாதை. ஓரிடத்தில் மழைநீர் தேங்கி நிற்கிறது.]

இந்த நடைபாதையின் நீளம் 245 மீட்டர். மழை பெய்தால் விடுதிக்குப் பக்கத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. அந்த இடம் எவ்வளவு தாழ்வு என்று, மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவியான டம்பி லெவலை வைத்து அளக்கப் போகிறோம்.

வாசல் தூணின் அடிக்கல்தான் நம் பெஞ்ச் மார்க். அதன் மட்டம் 100.000 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். அங்கே தொடங்கி விடுதிப் படி வரை போய், அதே வழியில் திரும்பி வந்து மறுபடி அந்தக் கல்லிலேயே முடிக்க வேண்டும். பாதி வழியில் சேஞ்ச் பாயின்ட் ஒன்று, அதாவது கருவியை இடம் மாற்றும்போது மட்டத்தைத் தொடர உதவும் புள்ளி. அதற்குப் புல்தரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஸ்டாஃப் என்னும் அளவுக்கோல் அழுந்தி இறங்கிவிடும். நாங்கள் பாதையோரக் கல் ஒன்றில் சாக்பீஸால் குறி போட்டோம்.

[காட்சி: முக்காலியில் கருவி. குமிழி நடுவுக்கு வருகிறது.]

கருவியை இரண்டு புள்ளிகளுக்கும் ஏறக்குறைய நடுவில் நிறுத்துங்கள். பார்வைக்கோடு சற்றுச் சாய்ந்திருந்தாலும் முன்னும் பின்னும் ஒரே தூரம் என்பதால் அந்தப் பிழை கழிந்துவிடும். முதலில் கல்லின் மேல் ஸ்டாஃப். படித்தது 1.247, மட்டம் தெரிந்த புள்ளியில் படித்ததால் இது பேக்சைட். மட்டத்தோடு கூட்டினால் 101.247, இதுதான் கருவியின் பார்வைக்கோட்டு உயரம். அடுத்து சேஞ்ச் பாயின்டில் படித்தது 1.872, மட்டம் கண்டுபிடிக்க வேண்டிய புள்ளியில் கருவியை நகர்த்துமுன் கடைசியாகப் படித்ததால் இது ஃபோர்சைட். கழித்தால் அந்தக் குறியின் மட்டம் 99.375. இப்படியே நான்கு முறை கருவியை நிறுத்தினோம்.

[திரையில் ஃபீல்டு புக்]

```
புள்ளி          பேக்    ஃபோர்   மட்டம்
வாசல் கல்       1.247           100.000
குறி (போகும்போது) 0.986   1.872    99.375
விடுதிப் படி     1.693   1.764    98.597
குறி (வரும்போது)  1.578   0.910    99.380
வாசல் கல்               0.950   100.008
கூட்டல்         5.504   5.496
```

100.000 வர வேண்டிய இடத்தில் 100.008 வந்திருக்கிறது. மூடும் பிழை 8 மில்லிமீட்டர். சாதாரண லெவலிங்குக்குப் பாடநூல்கள் தரும் வரம்பு, கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கி வரும் மில்லிமீட்டர். போய் வந்த தூரம் 0.49 கிலோமீட்டர், அதன் வர்க்கமூலம் 0.7. ஆக 16.8 மில்லிமீட்டர் வரை ஏற்கலாம். நம்முடையது அதற்குள் இருக்கிறது.

ஆனால் இது ஒரு தப்பைத் திருத்திய பிறகு வந்த கணக்கு. முதலில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பேக்சைட் கூட்டலிலிருந்து ஃபோர்சைட் கூட்டலைக் கழித்தோம், 0.108. கடைசி மட்டத்திலிருந்து முதல் மட்டத்தைக் கழித்தோம், அதுவும் 0.108. "சரியா வந்திடுச்சு" என்று கருவியை மடக்கிவிட்டோம். கவனியுங்கள், இந்தச் சரிபார்ப்பு நாம் கூட்டிக் கழித்ததை மட்டும்தான் சோதிக்கிறது. ஸ்டாஃபைத் தப்பாகப் படித்திருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. கல்லின் மட்டம் 108 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டதாக எங்கள் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது!

100 மில்லிமீட்டருக்கு இவ்வளவு பக்கத்தில் பிழை வந்தால் முதல் சந்தேகம் டெசிமீட்டர் எண்ணின் மேல் விழ வேண்டும். எங்கே என்று தேட, திரும்பும்போதும் அதே சாக்பீஸ் குறியில் ஸ்டாஃப் வைத்தது உதவியது. போகும்போது அதன் மட்டம் 99.375, வரும்போது 99.480. பிழையில் 105 மில்லிமீட்டர் அந்தக் குறிக்கும் விடுதிக்கும் நடுவிலேயே புகுந்திருக்கிறது. அங்கே படித்தவை நான்கே எண்கள். மறுபடி போய் அந்தப் பகுதியை அளந்து பார்த்தோம். விடுதிப் படியில் 1.764 என்பதை 1.664 என்று எழுதியிருந்தோம்.

[காட்சி: தொலைநோக்கி வழியே தலைகீழான ஸ்டாஃப்.]

இது ஏன் நடக்கிறது என்று பாருங்கள். டம்பி லெவலில் பிம்பம் தலைகீழாகத் தெரியும், எண்கள் கீழ்நோக்கி ஏறும். கீழிருந்து மேலே படித்துப் பழகிய கண், குறுக்குக் கம்பிக்குத் தவறான பக்கத்தில் இருக்கும் கறுப்பு எண்ணை எடுத்துக்கொள்கிறது. கம்பிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு எண்களையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

சரி, 8 மில்லிமீட்டரைப் பகிர்வோம். நான்கு நிறுத்தங்கள், ஒன்றுக்கு 2. முதல் நிறுத்தத்தில் கிடைத்த மட்டத்தில் 2 கழியும், அடுத்ததில் 4, பிறகு 6, கடைசியில் 8. குறியின் மட்டம் போகும்போது 99.373, வரும்போது 99.374. விடுதிப் படி 98.593.

அப்புறம் அந்தத் தண்ணீர் தேங்கும் இடம். இரண்டாம் நிறுத்தத்திலிருந்து, பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் நடுவில் எடுக்கும் இடைப்பார்வையாக 1.812 படித்தோம். இடைப்பார்வை எண் எதுவும் மூடும் பிழைக்குள் நுழைவதில்லை. இதை ஒரு மீட்டர் தப்பாகப் படித்திருந்தாலும் கடைசியில் அதே 8 மில்லிமீட்டர்தான் வந்திருக்கும். அதனால் திரும்பும் வழியில் மூன்றாம் நிறுத்தத்திலிருந்து அதே இடத்தில் மறுபடி ஸ்டாஃப் வைத்தோம், 1.738. திருத்தியபின் முதல் தடவையின் மட்டம் 98.545, இரண்டாவது 98.546. விடுதிப் படியைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தாழ்வு.