ரெண்டு பெட்ரூம் வீடு, ஒரு பக்கி: எத்தனை லோடு?

[காட்சி: பீனிக்ஸில் ஒரு வீட்டு வாசல். வெள்ளை ஹைலக்ஸ் ஒன்று பின்கதவை இறக்கி நிற்கிறது.]

வணக்கம். தமிழ்நாட்டுல இருந்து தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இங்கே பிக்கப் வண்டிக்குப் பேரு பக்கி. "ஒன்பது மணிக்கு பக்கி வந்துடும்"னு யாராவது சொன்னா, திட்டுறாங்கன்னு நினைச்சுக்காதீங்க.

நான் பக்கி ஓட்டி வீடு மாத்திக் கொடுக்கிற ஆள். எனக்கு வர்ற வாட்ஸ்அப்ல பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, ரெண்டு பெட்ரூம், சாமான் கொஞ்சம்தான், ஒரு லோடு எவ்வளவு?" இந்தக் "கொஞ்சம்தான்"ல இருந்துதான் சண்டையே ஆரம்பிக்குது. போன மாச வேலை ஒண்ணை வச்சே சொல்றேன். பீனிக்ஸ் வீட்டுல இருந்து பலீட்டோவில புதுசா கட்டின காம்ப்ளெக்ஸுக்கு, மூணாவது மாடி. தூரம் சுமார் 30 கிலோமீட்டர்.

[காட்சி: டேப்பால் பக்கியின் தட்டை அளக்கும் கை.]

பக்கியை "ஒரு டன் வண்டி"ன்னு சொல்றோம். மணல், சிமெண்ட் ஏத்தினா அந்தக் கணக்கு சரி. வீட்டுச் சாமானுக்கு எடை கணக்கே இல்லை, இடம்தான் கணக்கு. சோபாவை ஏத்தினா டன்ல கால்வாசிகூட வராது, ஆனா தட்டு முடிஞ்சு போயிருக்கும்.

இந்த மாதிரி சிங்கிள் கேப் வண்டில தட்டு நீளம் சுமார் 2.3 மீட்டர், அகலம் 1.5. அகலத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. கீழே பாருங்க, ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே இரும்பு மேடு துருத்திட்டு நிக்குது. அதுக்கு நடுவுல 1.1 மீட்டர்தான். குயின் சைஸ் மெத்தை 1.52 மீட்டர் அகலம், தட்டுல படுக்கவே படுக்காது. ஓரமா நிமிர்த்தித்தான் வைக்கணும். 1.2 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினா ஒரு பக்கி லோடு 4 கன மீட்டர். அதுக்கு மேல ஆசைப்பட்டா காத்துல ஆடும்.

[காட்சி: வாடிக்கையாளர் போனில் எடுத்த வீடியோ, அறை அறையாக.]

அதனாலதான் விலை சொல்றதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றேன். அலமாரிக் கதவையும் திறந்து காட்டணும். இந்த வீட்டுல மூணு துண்டு லவுஞ்ச் சூட்டே 4 கன மீட்டர். அதாவது சோபாவுக்கு மட்டும் ஒரு பக்கி! ரெண்டு கட்டில், மெத்தையோட 3. ஃபிரிட்ஜ், டீப் ஃப்ரீஸ், அடுப்பு, வாஷிங் மெஷின் சேர்த்து ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. ரூம் டிவைடர், கழட்டின அலமாரி, மேசை, நாற்காலி எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 4. அட்டைப்பெட்டி 40, அது ஒரு 3. கூட்டினா 16.

ஆனா சாமான் செங்கல் இல்லை, இடுக்கு இல்லாம அடுக்க. கால்வாசி சேர்த்துக்கோங்க. 20 கன மீட்டர், அஞ்சு பக்கி லோடு. அந்த வீட்டு அக்கா கேட்டது ஒரு லோடு.

"அஞ்சு தடவை போயிட்டு வாங்களேன் அண்ணா"ன்னாங்க. போகலாம். ஒரு நடைக்கு ஏத்த முக்கால் மணி, இறக்க முக்கால் மணி, போக வர ஒரு மணி பத்து நிமிஷம். அஞ்சு நடை பதிமூணு மணி நேரத்தைத் தாண்டும். அந்தக் காம்ப்ளெக்ஸ் கேட்ல சாமான் இறக்க அனுமதி காலை 8ல இருந்து மாலை 4 வரைதான். நாலாவது நடையிலயே செக்யூரிட்டி கேட்டை மூடிடுவாரு.

பெரிய நாலு டன் லாரி எடுத்தா ஒரே நடை. ஆனா உள்ளே பெரிய லாரி விடமாட்டாங்க. இந்தப் பக்கம் பல எஸ்டேட்ல இதே கதை. வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி மேனேஜரைக் கேளுங்க: எத்தனை மணி வரை, எவ்வளவு பெரிய வண்டி வரை, கேட்ல பேரு முன்கூட்டிக் கொடுக்கணுமான்னு.

கடைசியில நாங்க செஞ்சது இதுதான். கம்பி அடைப்பு வச்ச 3 மீட்டர் தட்டு குட்டி லாரி, நடைக்கு சுமார் 9 கன மீட்டர், ரெண்டு நடை. பெட்டி மட்டும் பக்கில ஒரு நடை. ஏழு மணி நேரத்துல வேலை முடிஞ்சது. அஞ்சு பக்கி நடையை விட காசு கொஞ்சம் கூடத்தான், மறைக்கலை. ஆனா ஒரே நாள்ல முடிஞ்சது.

[காட்சி: தட்டில் நிமிர்ந்து நிற்கும் ஃபிரிட்ஜ், ராட்செட் பட்டை இறுகும் சத்தம்.]

ஏத்துற முறை. ஃபிரிட்ஜ் கேபினுக்கு முதுகைக் கொடுத்து நிக்கணும். படுக்க வச்சா கம்ப்ரெஸர் எண்ணெய் குழாய்க்குள்ள ஓடிடும். படுத்தே வந்துடுச்சுன்னா சில மணி நேரம் நிமிர்த்தி வச்ச பிறகுதான் பிளக் போடணும். இன்னொண்ணு, பக்கித் தட்டு மேல நிக்கிற ஃபிரிட்ஜ் தரையில இருந்து ரெண்டரை மீட்டர் தாண்டும். அடித்தள பார்க்கிங் வாசல்ல "2.1 மீ" பலகை தொங்கினா அங்கேயே நிறுத்துங்க.

பட்டையை மரச்சாமான் விளிம்புல நேரா இழுக்காதீங்க, நடுவுல மடிச்ச அட்டை வைங்க. கிளம்பி அஞ்சு கிலோமீட்டர்ல ஒரு தடவை ஓரமா நிறுத்தி பட்டையைத் தட்டிப் பாருங்க. சாமான் குலுங்கி அமர்ந்திருக்கும், பட்டை தொளதொளன்னு தொங்கும். எல்லாருக்கும் தொங்கும். நிறுத்திப் பாக்கிற ஆளுதான் கம்மி.

சாமான் மேல பசங்களை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போற பழக்கம் இங்கே உண்டு. நடுவுல தடுப்பு இல்லாம சரக்கோட ஆளை ஏத்துறது சாலை விதிக்கு விரோதம், பிரேக் அடிச்சா சோபாவோட அவனும் முன்னாடி வருவான். கேபின்ல டிரைவரையும் சேர்த்து ரெண்டு பேருக்குத்தான் இடம். அதனால விலை கேக்கும்போது "எத்தனை பேர் வர்றாங்க, எதுல வர்றாங்க"ன்னும் கேளுங்க. டோல், மாடி, துணி சுத்துறது, காத்திருக்கிற நேரம், எல்லாம் அந்த விலைக்குள்ளயான்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க. பலீட்டோ போற N2ல டொங்காட் டோல் இருக்கு. R102ல சுத்திப் போனா டோல் இல்லை, நேரம் கூட ஆகும்.

வண்டி இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். உள்ளே இருக்கிற சாமானுக்குத் தனி பாலிசி வேணும். அது இருக்கிற ஆள்கிட்டயும், நீங்களே கட்டின பெட்டிக்குள்ள கண்ணாடி உடைஞ்சா யார் பொறுப்புன்னு கேட்டுக்கோங்க.

[காட்சி: மாடிப்படித் திருப்பம். கட்டில் அடிப்பாகம் சுவரில் முட்டி நிற்கிறது.]

நான் கோட்டை விட்டது இங்கே. அடிக்கட்டில் ஒரே துண்டு, 1.52க்கு 1.88. ரெண்டாவது மாடித் திருப்பத்துல மாட்டிக்கிச்சு, மேலயும் போகலை கீழயும் வரலை. வீட்டை வீடியோவுல பாத்தேன், புது வீட்டுப் படியைப் பாக்கலை. பழைய போர்வையில சுத்தி, கயிறு கட்டி, மூணாவது மாடி பால்கனி வழியா நாலு பேர் தூக்கினோம். அம்பது நிமிஷம் போச்சு, அதுக்கு நான் காசு கேக்கலை. இப்போ ரெண்டு வீட்டுப் படிக்கும் வீடியோ கேக்கிறேன்.

[காட்சி: புது வீட்டு வாசல். காலியான கூடம்.]

எல்லாம் இறக்க ஆரம்பிச்சப்போ ஆயா வாசல்ல கையை நீட்டி மறிச்சாங்க.

"தம்பி, சோபா அப்புறம். பால் சட்டி எங்கே?"

அது பெட்டி நம்பர் 12ல, பக்கித் தட்டுல அடியோ அடியில. விளக்கும் அதுலதான். பாதி லோடை வெயில்ல இறக்கி வச்சு அந்தப் பெட்டியை எடுத்தோம். அந்தப் பெட்டி மட்டும் உங்க கார்ல, உங்க மடியில வரட்டும்.