கடற்காற்றிலிருந்து பருவக்காற்றுக்கு

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் மே மாதத்துப் பிற்பகலைக் கழித்தவர்கள், ஒரு மணி வாக்கிலோ இரண்டு மணி வாக்கிலோ கிழக்கிலிருந்து கடற்காற்று நுழைந்ததும் வெக்கை சட்டென்று தணிவதை உணர்ந்திருப்பார்கள். அந்தக் காற்று எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் தென்மேற்குப் பருவக்காற்றின் பாதிக் கதை புரிந்துவிடும். மீதிப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு கிலோ உலர்ந்த மணலைச் சூடாக்குவதைவிட, ஒரு கிலோ நீரை அதே அளவு சூடாக்க ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் தேவை. அதோடு, மண்ணில் விழும் வெயில் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிட, கடலில் விழும் வெயிலோ ஆழத்திற்கு ஊடுருவி, அலைகளால் கலக்கப்பட்டு, பல மீட்டர் பருமனுள்ள நீருக்குப் பங்கிடப்படுகிறது. அதில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலும் செலவாகிறது. இதனால் தரை சில மணி நேரத்தில் கொதிக்க, கடல் அநேகமாக அப்படியே இருக்கிறது.

சூடான தரைமீதுள்ள காற்று விரிந்து உயர்கிறது. "மேலே போன காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது" என்று பாடநூல்கள் சொல்வது தவறில்லை, ஆனால் ஒரு படியை அது விட்டுவிடுகிறது. விரிந்த காற்று உயரத்தில் குவிந்து, அங்கிருந்து கடலை நோக்கி வழிந்து செல்வதால்தான் தரைக்கு மேலுள்ள காற்றின் மொத்த எடை குறைகிறது. அந்த எடைக் குறைவையே நாம் தாழ்வழுத்தம் என்கிறோம். அழுத்தம் மிகுந்த கடலிலிருந்து, அழுத்தம் குறைந்த தரைக்குக் காற்று நகர்கிறது.

இதே செயல் ஒரு நாளில் முடியாமல் ஒரு பருவம் முழுவதும், ஒரு துணைக்கண்டத்தின் அளவில் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ராஜஸ்தானும் சிந்துவும் மே மாதத்தில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்கின்றன. அங்கே அந்த வெப்பத்தால் ஒரு பெரிய தாழ்வழுத்தம் உருவாகிறது. அதே காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, மொரீஷியஸ் தீவுக்கும் அப்பால், குளிர்காலக் கடலின்மீது உயரழுத்தம் நிலைகொண்டிருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்குக் காற்றாகப் புறப்படுவது, நிலநடுக்கோட்டைக் கடந்ததும் புவிச் சுழற்சியின் விளைவால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குக் காற்றாக மாறி, அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு, வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளக் கரையை அடைகிறது. பருவக்காற்றைத் தரைக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால் முதலில் விளக்கியவர் எட்மண்ட் ஹாலி, ஆண்டு 1686. வால்நட்சத்திரத்தின் பெயரில் நாம் அறிந்த அதே ஹாலிதான்.

ஆனால் இங்கே ஒரு முரண் எழுகிறது. வட இந்தியத் தரை மிகவும் சூடாக இருப்பது மே மாதத்தில். பருவக்காற்று வலுவாக வீசுவதோ ஜூலையில், அதாவது மழை நனைத்துத் தரை குளிர்ந்த பிறகு. தரையின் சூடு மட்டுமே காற்றை இழுப்பதாக இருந்தால், முதல் மழையோடு காற்றும் ஓய்ந்திருக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் தரை கூடுதலாகக் காய்வதால் காற்று இன்னும் பலமாக வீசியிருக்க வேண்டும். இரண்டுமே நடப்பதில்லை.

விடை மேகத்துக்குள் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம் அதை முழுதும் ஆவியாக்கத் தேவை. கடலில் ஆவியான நீர் அந்த வெப்பத்தை உள்ளுறையாகச் சுமந்து வந்து, மேகத்தில் மீண்டும் துளியாகும்போது அதை வெளியிடுகிறது. தரை குளிர்ந்தாலும், அதற்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் காற்று இதனால் சூடாகிறது. சராசரியாக 4,500 மீட்டர் உயரமுள்ள திபெத் பீடபூமியும் அதன் சுற்றுப்புறமும் அந்த உயர அடுக்குகளின் சூட்டைக் கூட்டுகின்றன. தாழ்வழுத்தம் நிலைக்கிறது, காற்று தொடர்கிறது, மேலும் ஈரம் வருகிறது. தரையின் வெயில் தொடங்கிவைத்ததைப் பின்னர் மழையே நடத்திச் செல்கிறது.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கம் பாயும் காற்று இந்த ஓட்டத்தின் கிளைதான். அது தன் ஈரத்தில் பெரும்பங்கை மலைக்கு மேற்கே இறக்கிவிட்டு வருகிறது. மேலைக்காற்று பலத்து வீசும் நாளில் சென்னையின் கடற்காற்று கரையேறத் தாமதமாகி, பகல் 40 டிகிரியைக் கடப்பதும் உண்டு.

அக்டோபரில் வெயில் தெற்கே சாய, ஆசியத் தரை விரைந்து குளிர்கிறது. சேர்த்துவைத்த வெப்பத்தை விடாமல் வங்கக்கடல் இன்னும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இப்போது உயரழுத்தம் தரைமீது, தாழ்வழுத்தம் கடல்மீது. காற்று திசை மாறி, வடகிழக்கிலிருந்து அந்த வெதுவெதுப்பான நீரின்மேல் தவழ்ந்து ஈரமேறி, நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. வணக்கம்.