விதி ஓரிடம், தொடர் ஓரிடம்: இலக்கண விடையைத் திருத்துதல்

நேயர்களுக்கு வணக்கம். ‘இரண்டாம் வேற்றுமையில் வல்லினம் மிகும் விதியைக் கூறி, கீழ்வரும் தொடர்களில் பொருத்திக் காட்டுக’ என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கண்ணன் பாடத்தை படித்தான், பாட்டி கதை சொன்னாள், பானை கவிழ்ந்தது என்பன தொடர்கள். விதிக்கு இரண்டு மதிப்பெண். தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, அதில் பாதி சரியான வடிவத்துக்கு, பாதி காரணத்துக்கு.

‘ஐ’ என்னும் உருபு வெளிப்பட்டு நிற்க, வருமொழி க, ச, த, ப ஆகியவற்றின் வரிசை எழுத்துகளில் தொடங்கினால் வல்லினம் மிகும் என்பது விதி. இதில் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ‘உருபு வெளிப்பட்டு’ என்பதைத்தான்.

ஒரு மாணவர், ‘ஐயில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்’ என எழுதிவிட்டு, பாடத்தைப் படித்தான், கதைச் சொன்னாள், பானைக் கவிழ்ந்தது என்று வரிசையாக ஒற்றிட்டுவிடுகிறார். முதல் தொடர் சரியாக அமைந்துவிட்டதால் திருத்துபவரின் கை மேலே போய்விடும். ஆனால் ‘கதை’ என்பதிலுள்ள ஐகாரம் பெயரின் ஈறே தவிர உருபு அன்று. உருபு தொக்கு நிற்கிறது, ‘கதையைச் சொன்னாள்’ என விரித்தால்தான் ஒற்று வரும். பானையோ எழுவாய், அங்கே இரண்டாம் வேற்றுமைக்கே இடமில்லை. வருமொழியைச் சரியாகச் சொன்னதற்கு ஒன்று, முதல் தொடரின் வடிவத்துக்கு அரை, ஆக ஒன்றரைக்கு மேல் நான் தரமாட்டேன். தவறான விதியையாவது சீராகப் பொருத்தினாரே என்று கணக்குப் பாடத்தில் இரங்குவதுபோல் இங்கே இரங்க இயலாது. அந்த இரண்டு தொடர்களும் அந்த விதியைச் சோதிக்கவே வைக்கப்பட்டவை.

இன்னொருவர் விதியைப் பிசகின்றி ஒப்பித்து, மூன்று வடிவங்களையும் சரியாக எழுதி, காரணம் கூறாமல் விடுகிறார். அவருக்கு மூன்றரை. மாறாக, ‘தொகை’ என்ற சொல்லே வராமல், ‘கதையை என்று இல்லாததால் ச் வரவில்லை’ என எழுதியவருக்குக் காரணத்தின் அரை மதிப்பெண் முழுமையாக உண்டு. அவர் விடையிலேயே ‘வேற்றுமை தொகை’ என்று ஒற்றின்றி எழுதியிருந்தால் அடிக்கோடிட்டுக் காட்டலாம். இந்த வினாவில் அதற்குக் குறைப்பதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘தொகையில் ஒருபோதும் மிகாது’ என்று ஒருவர் எழுதினால் அதைச் சரியென்று விடலாகாது. தேரை ஓட்டும் பாகன் என விரியும் ‘தேர்ப்பாகன்’ உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அதில் ஒற்று மிகுந்தே நிற்கிறது. வினாவில் இத்தகைய தொடர் இல்லாதபோது மதிப்பெண்ணைக் குறைக்காமல், ‘ஒருபோதும்’ என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் ‘தேர்ப்பாகன்?’ என்று எழுதிவைப்பது போதும்.